யூரிக் ஆசிட் ஏறினால் பருப்பு டப்பாவை மூடிவைக்க வேண்டுமா?

கேள்வி: வணக்கம் மேடம். என் கணவருக்கு 47 வயது. மூன்று மாதம் முன்பு ராத்திரி திடீரென்று கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி. ரத்தத்தில் யூரிக் ஆசிட் 8.9 இருந்தது. பருப்பு, கீரை, தக்காளி எதுவும் கூடாது என்று தெரிந்தவர் ஒரு லிஸ்ட் கொடுத்தார். இரண்டு மாதமாக வீட்டில் சாம்பாரே இல்லை. அதற்குப் பதிலாகத் தினமும் சிக்கன், மூட்டு பலத்துக்கு வாரம் இரண்டு தடவை ஆட்டுக்கால் சூப், காலையில் எலுமிச்சை தேன் தண்ணீர், மாலையில் பழ ஜூஸ். ஞாயிற்றுக்கிழமை ஈரல் வறுவல் அவருக்குப் பிடிக்கும். சனிக்கிழமை மட்டும் பீர். இப்போது பார்த்தால் 9.3. பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். டாக்டர் யூரிக் ஆசிட் மாத்திரை தொடங்கலாம் என்கிறார், இவர் வேண்டாம் என்கிறார். எந்தப் பருப்பு, எந்தக் கறி வாங்கலாம்? என்ன குடிக்கலாம்? சாப்பாட்டிலேயே குறைத்துவிட முடியாதா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நாளைக்கே சாம்பார் வையுங்கள். துவரம்பருப்பு போட்டு, தக்காளி போட்டு, எப்போதும் வைப்பது போலவே வையுங்கள். உங்கள் கணவருக்கு 8.9 இருந்தது 9.3 ஆனதற்குப் பருப்பு காரணமில்லை. பருப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவைதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. இதில் உங்கள் மேல் தவறு எதுவுமில்லை. இந்த லிஸ்ட் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என்னிடம் வருபவர்களில் பலர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

முதலில் யூரிக் ஆசிட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் கடையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. பழைய செல்கள் அழியும்போது இந்தப் பியூரின் உடைந்து யூரிக் ஆசிடாக மாறும். ரத்தத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படி உடம்புக்குள்ளேயே உற்பத்தியாவது. மீதி ஒரு பங்குதான் சாப்பாட்டின் பியூரினிலிருந்து வருகிறது. வெளியேற்றும் வேலையில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் பார்க்கிறது, மிச்சம் குடல் வழியாகப் போகும். யூரிக் ஆசிட் ஏறிய பெரும்பாலானவர்களிடம் கோளாறு உற்பத்தியில் இருப்பதைவிட வெளியேற்றுவதில்தான் இருக்கும். அதனால் ஒரு உணவைப் பற்றி யோசிக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது எவ்வளவு பியூரின் கொடுக்கிறது? யூரிக் ஆசிட் வெளியே போவதை அது தடுக்கிறதா, எளிதாக்குகிறதா? அந்த லிஸ்ட் முதல் கேள்வியை மட்டும் கேட்டது. அதற்கும் தப்பான பதிலைக் கொடுத்தது.

இந்த அமிலம் 6.8 என்ற அளவுக்கு மேல் போனால் ரத்தத்தில் முழுதாகக் கரைந்து நிற்காது. ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்கும். உடம்பிலேயே குளிர்ச்சியான இடம் கால் விரல் என்பதால், கட்டைவிரல் அடிமூட்டில்தான் முதலில் தாக்குவது வழக்கம். நீங்கள் எழுதியிருக்கும் அந்த ராத்திரி வலி, கவுட் என்ற இந்தப் படிக மூட்டு நோயின் தாக்குதலுக்கே உரிய அடையாளம்.

சரி, பருப்புக்கு வருகிறேன். காய்ந்த பருப்பு 100 கிராமில் பியூரின் சுமாராக 100 மில்லிகிராமை ஒட்டி இருக்கும், வகைக்கு வகை கொஞ்சம் கூடலாம், குறையலாம். எண்ணை மட்டும் பார்த்தால் அதிகம் போலத் தோன்றும். ஆனால் 100 கிராம் பருப்பை ஒருவர் ஒரு வேளையில் சாப்பிடுவதில்லையே. ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சாம்பாரில் போவது 25 முதல் 30 கிராம் பருப்பு. மதியம் சாம்பார், ராத்திரி கூட்டு என்று இரண்டு வேளை சேர்த்தாலும் 60 கிராம், அதாவது சுமார் 60 மில்லிகிராம் பியூரின்.

இப்போது அதற்குப் பதில் வந்த சிக்கனைப் பாருங்கள். கோழிக் கறி 100 கிராமில் 120 முதல் 150 மில்லிகிராம் வரை இருக்கிறது. தினமும் எலும்போடு கால் கிலோ உங்கள் கணவர் பங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சதை மட்டும் 150 கிராம் தேறினால்கூடப் பியூரின் 200 மில்லிகிராம் பக்கம் வந்துவிடும். 60-ஐ எடுத்துவிட்டு 200-ஐப் போட்டிருக்கிறோம். இது தினக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஈரலும் சூப்பும் இதில் இன்னும் சேரவில்லை.

அதோடு பருப்பில் புரதமும் நாரும் சேர்ந்து வருகின்றன. பருப்பு சாப்பிடுபவர்களுக்குக் கவுட் அதிகம் வருகிறதா என்று பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பல் மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், கால்நடை மருத்துவர்கள் என்று 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வு 2004-இல் வெளியானது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடுதலாக வந்தது. பியூரின் அதிகமுள்ள பட்டாணி, பயறு, பசலைக் கீரை, காளான், காலிஃபிளவர் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பால், தயிர் அதிகம் சேர்த்தவர்களுக்குக் குறைந்தே இருந்தது. பிறகு சிங்கப்பூர்ச் சீனர்களிடம் நடந்த ஆய்வில், சோயாவும் பயறு வகைகளும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் சற்றுக் குறைவாகவே வந்தது. நம்மைப் போல அரிசியோடு பயறு சேர்த்துச் சாப்பிடும் மக்கள் என்பதால் அந்த முடிவை நான் கூடுதலாகவே மதிக்கிறேன்.

ஆகவே மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு மூன்றையும் திரும்ப எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வேளைச் சாம்பாருக்கு ஆளுக்கு 30 கிராம் என்றால் தினம் 120 கிராம், மாதம் மூன்றரைக் கிலோ போதும். உளுந்தையும் நிறுத்தாதீர்கள். நாலுக்கு ஒன்று என்று அரைக்கும் மாவில் நான்கு இட்லி சாப்பிட்டால் உள்ளே போகும் உளுந்து 25 கிராம் அளவில்தான் இருக்கும். மாவு புளிப்பதைப் பற்றியும் கவலை வேண்டாம். சுண்டலுக்குக் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி எது வேண்டுமானாலும் வாங்கலாம். வேகவைத்து ஒரு கப், வாரம் மூன்று நான்கு நாள் போதும். கொள்ளு ரசமும் துவையலும் இருக்கட்டும், ஆனால் கொழுப்பு கரையும் என்று கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக் கொடுக்க வேண்டாம். மீல் மேக்கர் என்று விற்கும் சோயா உருண்டையில் புரதம் செறிவாக இருப்பதால் அதைத் தினசரி ஆக்காமல் வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளியைப் பற்றியும் நேராகச் சொல்கிறேன். தக்காளியில் பியூரின் சொற்பம். கவுட் உள்ள சிலர் தக்காளி சாப்பிட்டால் தங்களுக்கு வலி கிளம்புகிறது என்கிறார்கள், அப்படிச் சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. உங்கள் கணவருக்கு அப்படி ஒரு முறையாவது தெளிவாகத் தெரிந்திருந்தால் குறையுங்கள். இல்லையென்றால் ரசத்துக்கும் சாம்பாருக்கும் போடுகிற இரண்டு தக்காளிக்குப் பயப்படத் தேவையில்லை. கீரையும் அப்படித்தான். சிறுநீரகக் கல் இருந்தால் மட்டும் எந்தக் கீரை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கறிக்கடை. இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. உள்ளுறுப்புகளில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் பியூரினும் அதிகம். கோழி ஈரல் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு ஈரல் வறுவல் சாப்பிடுவது, ஐந்து நாள் இரண்டு வேளைப் பருப்புக்கு ஈடு. ஆட்டு ஈரல், சுவரொட்டி, கிட்னி எல்லாம் இதே குடும்பம். இதற்கு நடு வழி கிடையாது, வாங்கவே வேண்டாம். ‘கொஞ்சம்தானே’ என்று தட்டில் ஓரமாக வைத்தாலும், தட்டு காலியாகும்போது கொஞ்சமாக இருப்பதில்லை. இரும்புச் சத்துக்காகத்தான் ஈரல் கொடுக்கிறேன் என்று சில வீட்டில் சொல்வார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும் ஆணுக்கு அந்தத் தேவையே இல்லை.

ஆட்டுக்கால் சூப் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அக்கறையில் கொடுப்பது. பியூரின் தண்ணீரில் கரையக்கூடியது. எலும்போடு ஒட்டிய சதையையும் கறியையும் மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் அதிலிருந்த பியூரினில் ஒரு பகுதி தண்ணீருக்கு இறங்கிவிடும். சூப் குடிப்பது என்பது இறங்கியதைக் குடிப்பது. உங்கள் கணவரின் மூட்டில் வலி வந்தது பலக்குறைவால் அல்ல, படிகத்தால். அதற்கு இந்தச் சூப் எந்த வகையிலும் உதவாது. இதே காரணத்தால்தான் கறி செய்யும்போது ஒரு சின்ன மாற்றம் பலன் தரும். கறியைத் தண்ணீரில் ஒரு கொதி வேகவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்புக்குப் போட்டால் பியூரின் ஓரளவு குறையும். ருசி கொஞ்சம் குறையும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அளவைக் குறைப்பதுதான் முதல் வேலை, இது அதற்கு அடுத்தது.

அளவு என்றால் இதுதான்: வாரம் இரண்டு நாள், எலும்பில்லாத கறியாக 75 முதல் 100 கிராம். உள்ளங்கையை விரலில்லாமல் பார்த்தால் அந்த அளவுதான் தட்டில் இருக்க வேண்டும். கோழியா ஆடா என்று கேட்பவர்களுக்கு என் பதில், பியூரினில் பெரிய வித்தியாசமில்லை, எதைக் குறைவாகச் சாப்பிட முடியுமோ அதை வாங்குங்கள் என்பதே. பிராய்லர், நாட்டுக்கோழி வேறுபாடும் இதில் பொருட்டல்ல. நாட்டுக்கோழி உடம்புக்கு நல்லது என்று தினமும் கொடுத்தால் கணக்கு மாறாது.

மீன் மார்க்கெட்டில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால் போதும். சின்ன மீன், முழுதாகச் சாப்பிடுகிற மீன், காய்ந்த மீன் மூன்றும்தான் பிரச்சினை. நெத்தலி, மத்தி இரண்டையும் தவிர்க்கச் சொல்வேன், இறால், நண்டையும் எப்போதாவதுதான். கருவாடு இன்னும் கடுமையானது. ஜப்பானில் நெத்தலி வகைக் காய்ந்த மீனை அளந்து பார்த்ததில் 100 கிராமுக்கு 700 மில்லிகிராமைத் தாண்டியது. நீர் வற்றியதால் அத்தனையும் செறிவாகிவிடுகிறது. ஒரு ஆள் தட்டுக்கு 20 கிராம் கருவாடு வந்தாலே நூறைத் தாண்டிப் போகும். வஞ்சிரம், கட்லா, ரோகு போல வெட்டித் துண்டாக விற்கும் மீனில் ஒரு துண்டு, கறி வாங்காத வாரத்தில் ஒரு நாள் எடுக்கலாம். வாரத்துக்கு ஒரு கறி நாள், ஒரு மீன் நாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து இரண்டு நாளைத் தாண்டாமல் இருக்கட்டும்.

மற்ற நாள்களில் புரதத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். முட்டையில் பியூரின் இல்லை என்றே சொல்லலாம், தினம் ஒன்று வேகவைத்துக் கொடுங்கள். பால், தயிர், பன்னீரிலும் கிட்டத்தட்ட இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு: பாலின் புரதங்கள் சிறுநீர் வழியாக யூரிக் ஆசிட் வெளியேறுவதைச் சற்று எளிதாக்குகின்றன. பிரஷரும் உள்ளவர் என்பதால் கொழுப்பு குறைந்த பாலாக வாங்குங்கள், தினம் அரை லிட்டர் வரை பாலும் தயிருமாகப் போகட்டும். சிக்கன் இருந்த இடத்தில் பாசிப்பருப்புக் கூட்டும் முட்டையும் ஒரு கப் தயிரும் உட்கார்ந்தால் புரதத்துக்கு ஒரு குறையும் வராது.

அடுத்து, குடிப்பவை. சாப்பாட்டைவிட இதில் கைவைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். பீரில் இரண்டு தொல்லை. ஈஸ்டிலிருந்து வரும் பியூரின் பீரிலேயே இருக்கிறது. அதோடு மது உடம்பில் செரிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம், சிறுநீரகம் யூரிக் ஆசிடை வெளியே விடுவதைத் தடுக்கிறது. அதாவது உள்ளே வருவது கூடுகிறது, வெளியே போவது குறைகிறது. ஆய்வுகளிலும் பீர்தான் முதலிடம், பிராந்தி, விஸ்கி போன்றவை அடுத்தது. வைனில் அந்த அளவு இல்லை, ஆனால் அதைக் காட்டி வைனுக்கு மாறச் சொல்ல நான் தயாரில்லை. சனிக்கிழமை மட்டும் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு நாள் குடிக்காமல் இருந்து ஒரே ராத்திரியில் இரண்டு பெரிய பாட்டில், கூடவே வறுத்த இறால், தண்ணீர் குறைவு என்றால் அது கவுட் தாக்குதலுக்கு ஏற்ற சூழல். தாக்குதல் வந்த ராத்திரிக்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். பலருக்கு விடை அங்கேயே கிடைக்கிறது. குறைந்தது யூரிக் ஆசிட் கட்டுக்குள் வரும் வரையாவது அவர் முழுதாக நிறுத்துவது நல்லது.

மாலை ஜூஸைப் பற்றி எழுதும்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம் வரும், பியூரினே இல்லாத பானம் எப்படி யூரிக் ஆசிடை ஏற்றும் என்று. காரணம் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை. நாம் போடும் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் குளுக்கோஸைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தும். ஃபிரக்டோஸ் வந்தால் கட்டுப்பாடில்லாமல் உடனே கையாளத் தொடங்கிவிடும். அந்த வேகத்தில் செல்லின் சக்திச் சேமிப்பான ஏடிபி கரைந்து, அதன் மிச்சம் யூரிக் ஆசிடாக முடிகிறது. இது குடித்த சில நிமிடங்களிலேயே ஆரம்பிக்கும் வேலை. சர்க்கரை போட்ட குளிர்பானம் தினம் இரண்டு அல்லது அதற்கு மேல் குடித்த ஆண்களுக்குக் கவுட் அபாயம் 85 சதவீதம் அதிகமாக இருந்தது என்று 2008-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. கோலா வகை 300 மில்லி பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஆறேழு டீஸ்பூன். பாக்கெட்டில் வரும் மாம்பழ ஜூஸ், ரோஸ் மில்க், சர்பத், கரும்பு ஜூஸ் எல்லாம் இந்தப் பட்டியலில்தான். பழக் கடையில் பிழிந்து கொடுக்கும் ஜூஸில் சர்க்கரை போடாமலிருந்தாலும், இரண்டு மூன்று பழத்தின் சர்க்கரை நார் இல்லாமல் ஒரே மூச்சில் உள்ளே போகிறது. முழுப் பழமாக ஒரு ஆரஞ்சு, ஒரு கொய்யா, ஒரு துண்டு பப்பாளி தாராளமாகக் கொடுங்கள். மென்று சாப்பிட நேரமாகிறது, அதனால் ஃபிரக்டோஸும் மெதுவாகவே வருகிறது.

அப்புறம் காலையில் கொடுக்கும் எலுமிச்சை தேன் தண்ணீர். எலுமிச்சை இருக்கட்டும், தேனை எடுத்துவிடுங்கள். தேனில் 100 கிராமுக்கு 40 கிராம் அளவில் ஃபிரக்டோஸ் இருக்கிறது. ஒரு டீஸ்பூனால் உலகம் கவிழாது, ஆனால் தினமும் இரண்டு மூன்று ஸ்பூன் என்றால் மருந்து என்று எண்ணிக் கொடுப்பதே எதிராக வேலை செய்யும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு நல்லதுதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். யூரிக் ஆசிட் விஷயத்தில் இவையும் சர்க்கரையும் ஒன்றுதான். சர்க்கரையை மாற்றினோம் என்று அளவைக் கூட்டிவிடக் கூடாது. பதநீரும் அப்படியே.

குடிக்க வேண்டியவை என்று கேட்டால் முதலில் மோர் சொல்வேன். வெண்ணெய் எடுத்தது, தண்ணீர் நிறைய ஊற்றியது, உப்பு குறைவாகப் போட்டு, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொடுங்கள். ஜூஸ் குடிக்கும் அதே மாலை நேரத்தில் ஒரு பெரிய டம்ளர். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் வரை, ராத்திரி படுக்கும் முன்பு ஒரு டம்ளர் உட்பட. ஈரோட்டு வெயிலில் வெளியே அலைபவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம். காபி குடிப்பவர்களிடம் யூரிக் ஆசிட் சற்றுக் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, எனவே அவருடைய இரண்டு டம்ளர் காபியை நிறுத்த வேண்டாம். சர்க்கரையை மட்டும் குறையுங்கள். இளநீரும் குடிக்கலாம். ஆனால் சிறுநீரகம் பலவீனமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து, இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்குத் தண்ணீருக்கே கட்டுப்பாடு உண்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையை உங்கள் கணவருக்குப் பார்த்திருக்கிறார்களா என்று எழுதவில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயிறு சற்று முன்னால் வந்திருந்தால் எடை குறைவதும் யூரிக் ஆசிடைக் குறைக்கும். மாதம் இரண்டு கிலோ வரை போதும். பட்டினி கிடந்தோ, அரிசியை அறவே விட்டுக் கறி மட்டுமே சாப்பிடும் முறையிலோ வேகமாகக் குறைத்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் உடம்பில் கூடி யூரிக் ஆசிட் வெளியேறுவதைத் தடுக்கும். கொலு பொம்மையை இறக்குவது போல மெதுவாகத்தான் இதைச் செய்ய வேண்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, சாப்பாட்டிலேயே குறைக்க முடியாதா என்பது. பியூரினை எல்லாம் கவனமாகக் குறைத்தாலும் சாப்பாட்டால் இறங்குவது பெரும்பாலும் 1 புள்ளி அளவுதான். பீரையும் சர்க்கரைப் பானத்தையும் நிறுத்தி, எடையும் குறைந்தால் சிலருக்கு அதைவிட நன்றாகவே இறங்குகிறது. உங்கள் கணவரிடம் அவை எல்லாம் இருந்ததால் இறங்க இடமிருக்கிறது. ஆனால் படிகங்கள் கரைய வேண்டுமென்றால் 6-க்குக் கீழே வந்து அங்கேயே நிற்க வேண்டும். 9.3-இலிருந்து அங்கே கொண்டுபோவது சாப்பாட்டால் மட்டும் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். முதல் தாக்குதலுக்குப் பிறகே யூரிக் ஆசிட் 9-க்கு மேல் இருந்தாலோ, சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரகப் பாதிப்பு இருந்தாலோ மருந்து தொடங்குவதைப் பற்றி யோசிக்கலாம் என்று மூட்டு நோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் டாக்டர் சொன்னது அதற்கு ஒத்துத்தான் இருக்கிறது. எந்தத் தாக்குதலும் வராமல் பரிசோதனைச் சீட்டில் மட்டும் எண் கூடியிருப்பவர்களுக்கு இந்த மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை. உங்கள் கணவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

மாத்திரையைத் தொடங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்ப மாதங்களில் படிகங்கள் கரையும்போது மறுபடியும் ஒரு தாக்குதல் வரலாம். அதைத் தடுக்க மருத்துவர் கூடவே இன்னொரு மருந்தும் கொடுப்பார். இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த நேரத்தில் நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தினால் எண் மறுபடி ஏறிவிடும். தோலில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மட்டும் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெயருக்குப் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து இருந்தாலோ, உள்ளடக்கத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தலிடோன் என்று இருந்தாலோ, அது சிறுநீரகத்தில் யூரிக் ஆசிடைத் தங்கவைக்கும் மருந்து. தினமும் சாப்பிடும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் அப்படித்தான். நீங்களாக நிறுத்தவே வேண்டாம், பிரஷர் ஏறினால் அதுவே பெரிய ஆபத்து. அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பிரஷருக்கே கொடுக்கும் லொசார்டன் என்ற மருந்து யூரிக் ஆசிடையும் சற்று இறக்கும், உங்கள் கணவருக்குப் பொருந்தினால் டாக்டரே மாற்றித் தருவார்.

ஈரலும் சூப்பும் பீரும் ஜூஸும் நின்ற பிறகு, ஆறு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் பாருங்கள். வலியும் வீக்கமும் இருக்கும் நாளில் பார்க்க வேண்டாம், அப்போது எண் சாதாரணமாகக் காட்டி ஏமாற்றலாம். தாக்குதல் அடங்கி இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் மூட்டு சூடாக வீங்கி, கூடவே குளிர்க் காய்ச்சலும் வந்தால் கவுட் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.